மாறாத் திணிவு வரும் வரை

எங்கள் ஆய்வுகூடம் ஒருகொடவத்தையில், கொண்டெய்னர் யார்டுகளுக்கு நடுவே ஒரு பழைய களஞ்சியத்தின் மேல் மாடியில் இருக்கிறது. தராசு வைப்பதற்கு இதைவிட மோசமான இடத்தை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது. கீழே நாற்பதடிப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று போனால் மேலே தராசின் கடைசி இலக்கம் ஆடத் தொடங்கிவிடும். லொறி போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அது போனதும் அடுத்தது வரும். இருபது வருடத்துக்கு மேலாக என் வேலையில் பாதி இப்படி நிற்பதுதான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் இந்த வேலை என்னவென்று யாருக்கும் சரியாக விளங்குவதில்லை. மகளுக்கு மட்டும் ஒரு அளவுக்கு விளங்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் வான் வண்டியில் இங்கே வந்து இறங்கி, நான் முடிக்கும் வரை காத்திருந்து வளர்ந்தவள் அவள். எப்போது கேட்டாலும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "இன்னும் ஒருக்கா நிறுத்துப் பார்த்திட்டு வாறன்." இதை வைத்தே வீட்டில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். கறிக்கு உப்புப் பார்த்தாலும், கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாலும், "அம்மா, இன்னும் ஒருக்கா" என்று மகள் பின்னால் நின்று சொல்லுவாள்.

அந்த மகள் மேற்படிப்புக்கு மெல்பேர்ன் போகிற நாளில்தான் எப்சம் உப்பு என் தலையில் விழுந்தது.

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் தென்னந்தோட்டங்களுக்குப் போடுவதற்காக எப்சம் உப்பை, அதாவது மக்னீசியம் சல்பேற்றை, ஒரு கொண்டெய்னர் நிறைய இறக்கியிருந்தார். சல்பேற்று அயன் நூற்றுக்கு 38.5க்குக் குறையக் கூடாது என்பது வாங்குகிற கம்பனியின் நிபந்தனை. சுத்தமான எப்சம் உப்பிலேயே அது 39ஐத் தொடாது. ஆகவே இடைவெளி கொஞ்சம்தான். இந்த விஷயத்தில் முன்பு யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் போல, விரைவு முறைகள் எதுவும் வேண்டாம், நிறுத்துப் பார்க்கிற பழைய முறையில்தான் செய்ய வேண்டும் என்று கம்பனி எழுதிக் கேட்டிருந்தது. எங்கள் இடத்தில் அந்த வேலை வந்தால் அது என் வேலை. கையெழுத்தும் என்னுடையது.

லீவு போட்டிருக்கலாம். போட்டும் இருந்தேன். முதல் நாள் பின்னேரம் மனேஜர் என் மேசைக்கு வந்து, "மிஸ், வீழ்படிவை இன்றைக்கே இறக்கி வைத்துவிட்டீர்கள். நாளை காலையில் வந்து வடித்து, காயவைத்து, ஒரு தரம் நிறுத்துவிட்டுப் போனால் போதும். பத்து பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பீர்கள்" என்று சிங்களத்தில் நயமாகச் சொன்னார். பிளைட் இரவுதான். மூன்று மணிக்குள் வீட்டுக்குப் போனால் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகக் கிளம்பலாம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். மகள் கேட்டது ஒன்றே ஒன்று: போகிற நாளில் என் கையால் புட்டும் இறால் குழம்பும். இறாலை உரித்து, பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன்.

வேலை கஷ்டமானதல்ல. பொறுமையைத் தின்கிற வேலை, அவ்வளவுதான். அரைக் கிராம் அளவு மாதிரியை நிறுத்து, நீரில் கரைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு, கொதிநிலைக்குச் சூடாக்கிப் பேரியம் குளோரைட்டைத் துளித் துளியாக விட வேண்டும். சல்பேற்று முழுவதும் பேரியம் சல்பேற்றாக, கோதுமை மாவைவிட மென்மையான வெள்ளைப் படிவாக, அடியில் இறங்கும். அவசரப்பட்டால் மணிகள் பொடியாகி வடிதட்டையும் தாண்டி ஓடிவிடும். அதனால் இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில்தான் அடியில் கண்ணாடி வடிதட்டு வைத்த குரூசிபிள் என்ற சின்னக் கிண்ணத்தில் வடிக்க வேண்டும். அந்தக் குரூசிபிளையும் முதலே வெறுமனே காயவைத்து, திணிவு மாறாத வரை நிறுத்து வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று, இரண்டு குரூசிபிள்கள்.

அன்று காலை வடித்து, வெந்நீரால் கழுவினேன். கழுவிய நீரில் இரண்டு துளி எடுத்து வெள்ளி நைத்திரேற்று விட்டால் கலங்கக் கூடாது. கலங்கினால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தெளிவாக வரும் வரை கழுவி, நூற்றைந்து பாகைச் சூட்டில் உலர்த்துகிற அவணில் இரண்டையும் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன். முதல் நாள் இரவு சரியாகத் தூங்கவில்லை. சூட்கேசை நிறுப்பதும், எடுப்பதும், மறுபடி நிறுப்பதுமாக விடிந்துவிட்டது.

வரவேற்பறையில் அந்த வியாபாரி காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் ஹெல்மெட். வாங்குகிறவர்களின் லொறி யார்டில் நிற்கிறதாம், ரிப்போர்ட் கையில் கிடைத்தால் இன்றே ஏற்றிவிடுவார்களாம்.

"மிஸ், இன்னைக்குக் கெடச்சிரும்தானே?"

"காய்ஞ்சால் தாறன் ஐயா" என்றேன்.

"காயுறதுக்கு என்ன மிஸ், அவண்லதானே இருக்கு?"

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? காய்ந்தது என்று நாங்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட, ஈரம் புகாத டெசிக்கேற்றர் சாடியில் ஆறவிட்டு, நிறுத்து, மறுபடி அவணில் வைத்து, மறுபடி ஆறவிட்டு, மறுபடி நிறுக்க வேண்டும். அடுத்தடுத்து வருகிற இரண்டு நிறுவைகளுக்கு இடையே அரை மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டால்தான் அது காய்ந்தது. அதற்குப் பெயர்தான் மாறாத் திணிவு. சூடாக இருக்கும்போதே நிறுத்தால் குரூசிபிளைச் சுற்றிய காற்று மேலெழும்பித் தராசை ஏமாற்றும். ஆறவும் நேரம் வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் போய்விடும்.

முதல் நிறுவை முடிந்து திரும்ப வைத்தேன். இரண்டாவது நிறுவையில் ஒன்று தசம் மூன்று மில்லிகிராம் குறைந்திருந்தது. குறைகிறது என்றால் இன்னும் நீர் இருக்கிறது. மற்றக் குரூசிபிளும் அதே மாதிரித்தான் குறைந்தது. ஏன் இவ்வளவு மெதுவாக என்று எனக்குச் சந்தேகம் வந்து, அவணைத் திறந்து, இதுவரை பார்க்காத கீழ்த் தட்டுகளையும் குனிந்து பார்த்தேன்.

மேல் தட்டில் என் இரண்டு குரூசிபிள்கள் இருந்த இடத்துக்குக் கீழே, மூன்று தட்டுகளில் மீன்தூள் பரப்பிக் கிடந்தது. கால்நடைத் தீவனப் பகுதியில் வேலை செய்பவர் அவர்களின் அவண் பழுது என்று எங்களுடையதில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஈரப்பதன் பார்ப்பதற்காம். அதாவது, நான் என் வெள்ளைப் படிவிலிருந்து நீரை விரட்டிக்கொண்டிருக்க, அவர் பேலியகொடை மீன்சந்தை முழுவதையும் அதே பெட்டிக்குள் ஆவியாக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மூளை இருக்கா?" என்று கத்தியே விட்டேன்.

"மிஸ், அது சும்மா ஒரு மணித்தியாலத்துக்கு..."

"எனக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் இல்ல!"

பாவம், தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவரில் பிழை பாதிதான். இங்கே எல்லாருக்கும் எல்லாம் பற்றாக்குறை. மற்ற நாளென்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

மனேஜர் என் சத்தம் கேட்டு வந்தார். கணக்கை எடுத்துப் பார்த்தார். அவரும் இரசாயனம் படித்தவர்தான். இரண்டாவது நிறுவையிலிருந்து வெறும் குரூசிபிளைக் கழித்தால் வீழ்படிவு 0.4693 கிராம். பேரியம் சல்பேற்றில் சல்பேற்றின் பங்கு 0.4116. இரண்டையும் பெருக்கி, எடுத்த மாதிரி 0.5012 கிராமால் பிரித்து நூறால் பெருக்கினால் 38.54.

"பாஸ்தானே" என்றார் சந்தோஷமாக.

"சேர், இது இன்னும் காயேல்ல. இறங்கிக்கொண்டிருக்கு."

"மிஸ், ஒன்று தசம் மூன்று மில்லிகிராம். ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் இதைவிடக் கூட. இதையே இரண்டு தரம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மகள் காத்திருப்பாள்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் மேல் உள்ள இரக்கத்தில்தான் அதைச் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். அதுதான் எனக்கு இன்னும் சலிப்பாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு நீதி நியாயம் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. கால் வலித்தது. பசித்தது. பிரிட்ஜில் இறால் கிடந்தது. அந்த இலக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளியே இருக்கிற மனிதருக்கும் சந்தோஷம், மனேஜருக்கும் சந்தோஷம், என் பிள்ளைக்கும் சந்தோஷம். யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. தென்னைமரம் வந்து என்னிடம் கேட்கப்போகிறதா?

ஆனால் கை போகவில்லை. பிடிவாதம்தான், வேறென்ன. குரூசிபிள்களை இடுக்கியால் எடுத்துத் திரும்ப அவணுக்குள் வைத்தேன். வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, கொஞ்சம் பிந்தும்."

மறுபக்கத்தில் சூட்கேஸின் சிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னும் ஒருக்காவா அம்மா?" என்றாள். குரலில் பகிடி இருந்தது, அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது.

"ஓம். இறாலை அப்பாவைச் சமைக்கச் சொல்லு."

"அப்பாவா? அதுக்கு நான் பிளேனிலயே சாப்பிடுவன்."

இருவரும் சிரித்தோம். போனை வைத்ததும் தராசு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாவது நிறுவை நேரத்தில் மழை பிடித்துவிட்டது. கீழே லொறிகள் வரிசையாக இரைந்துகொண்டு நின்றன. கடைசி இலக்கம் ஆடி, ஆடி, ஒருவழியாக நின்றது. இன்னும் ஒன்று தசம் ஒரு மில்லிகிராம் குறைந்திருந்தது. கடதாசி தேவைப்படவில்லை, மனதிலேயே கணக்கு ஓடியது. 38.45. நிபந்தனைக்குக் கீழே வந்துவிட்டது. மற்றதும் கீழேதான். ஆனால் இதுவும் முடிந்த இலக்கம் இல்லை. இரண்டு நிறுவைக்கும் இடையில் அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதே. பாஸ் என்று எழுதவும் முடியாது, பெயில் என்று எழுதவும் முடியாது.

இன்னொரு சுற்றுப் போட்டால் பிள்ளையை விமான நிலையத்தில்கூடப் பார்க்க முடியாது.

மனேஜரிடம் போய், "சேர், இன்றைக்கு இலக்கம் இல்லை. இரண்டையும் டெசிக்கேற்றரில் வைத்து மூடியிருக்கிறேன். நாளைக்கு வந்து முடிப்பேன்" என்றேன். அவர் இரண்டாவது இலக்கத்தைப் பற்றி மறுபடி தொடங்கினார். "அதில் கையெழுத்து வேண்டுமென்றால் நீங்கள் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தேன். அவர் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றவள், முடிக்காமல் போகலாம் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது போல இருந்தது.

விமான நிலையத்துக்கு வான் பிடித்து ஏறிவிட்டார்கள் என்று கணவர் போன் எடுத்தார். கொள்ளுப்பிட்டி தாண்டிவிட்டார்களாம். பேலியகொடையில், அதிவேகப் பாதைக்கு ஏறுவதற்கு முன்னால் நிற்பார்கள், நான் அங்கே வந்துவிட வேண்டும். "கனநேரம் நிக்க விடமாட்டாங்கள், கெதியா வாரும்" என்றார்.

வாசலில் வந்து பார்த்தால் தெரு முழுக்கக் கொண்டெய்னர்கள். ஒன்றும் அசையவில்லை. போனில் கூப்பிட்ட த்ரீவீலர்கள் ஒவ்வொன்றாக ரத்துச் செய்துகொண்டிருந்தன. மழை சாய்த்து அடித்தது. வியாபாரி என் பின்னாலேயே வந்து நின்றார்.

"மிஸ், ரிப்போர்ட்?"

"இண்டைக்கு இல்ல ஐயா. நாளைக்கு."

அவருடைய முகம் சுருங்கியது. "லொறிக்காரன் போயிருவான் மிஸ். நான் காலைல இருந்து குந்திக்கிட்டு இருக்கேன். இப்ப நீங்க பாட்டுக்குக் கெளம்புறீங்களே!"

"என்ர மகள் இண்டைக்கு வெளிநாடு போறா. பேலியகொடையில வான் நிக்குது. எனக்குப் போக வழியில்ல" என்றேன். ஒரு அந்நிய மனிதருக்கு முன்னால் அப்படிச் சொல்லி நின்றது வெட்கமாக இருந்தது.

அவர் என்னையும் தெருவையும் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற தன் மோட்டார் சைக்கிளின் சீற்றைக் கையால் துடைத்தார். வண்டியின் பின்பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

"ஏறுங்க. அஞ்சு நிமிசத்துல போயிரலாம்."

நான் ஹெல்மெட்டை வாங்கவில்லை. வாடிக்கையாளரிடம் ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடிக்காத இடம் இது. அதுவும் இவருடைய இலக்கம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொண்டு இவருடைய வண்டியில் எப்படி ஏறுவது?

"ஐயா, ஒண்டு சொல்லிப்போட்டுத்தான் ஏறுவன். முடிவு இன்னும் வரேல்ல. ஆனா அது இறங்கிக்கொண்டிருக்கு. பாஸ் ஆகும் எண்டு நான் நினைக்கேல்ல. நீங்க என்னைக் கொண்டுபோய் விட்டாலும் அதுதான், விடாட்டியும் அதுதான்."

மழை அவருடைய கண்ணாடியில் வழிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்தாலும் சட்டையும் ஈரம்தான்.

"என் மகன் இத்தாலிக்குப் போனப்ப நான் போர்ட்ல டெலிவரி எடுத்துக்கிட்டு நின்னேன் மிஸ்" என்றார். "ஏறுங்க."

ஐம்பது வயதில் முதல் தடவையாக மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கொண்டெய்னர்களுக்கு நடுவே, லொறிச் சில்லுகளை உரசுவது போல, அவர் புகுந்து புகுந்து போனார். பேலியகொடையில் மீன் வாசனை வந்ததும்தான் கண்ணைத் திறந்தேன். பாதையோரத்தில் வான் விளக்குகளை மின்னிக்கொண்டு நின்றது. நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அவர் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வானுக்குள் மகளின் மடியில் ஒரு டிபன் பெட்டி இருந்தது. புட்டும் இறால் குழம்பும். அப்பா சமைத்தது. எனக்காகச் சாப்பிடாமல் வைத்திருந்தாள். கட்டுநாயக்க விமான நிலையம் வரை இருவரும் ஒரே பெட்டியில் கையை விட்டுச் சாப்பிட்டோம். உப்புக் கூடிப்போய்விட்டது. என் உடுப்பிலிருந்து மழைநீர் சொட்டியது, தலையில் மீன்தூள் நாற்றம் வேறு. "மெல்பேர்னில இந்த மணம் கிடைக்காது அம்மா" என்று சாய்ந்துகொண்டாள்.

வாசலில் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனவள், காவலாளியிடம் ஏதோ கெஞ்சிவிட்டுத் திரும்ப ஓடிவந்தாள். "இன்னும் ஒருக்கா" என்று மறுபடி கட்டிப்பிடித்தாள். நான் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அடுத்த நாள் வேலைக்கு வந்தேன். அவணில் வேறு எதுவும் இல்லையா என்று பார்த்து, குரூசிபிள்களை வைத்து, ஆறவிட்டு, நிறுத்தேன். முந்தைய நாள் கடைசி நிறுவைக்கும் இதற்கும் பத்தில் ஒரு மில்லிகிராம்தான் வித்தியாசம். மற்றதும் நின்றுவிட்டது. ஒன்றில் 38.44, மற்றதில் 38.41. சராசரியை ஒரு தசமத்துக்கு எழுதினேன்: பெறப்பட்ட நிலையில், மாறாத் திணிவு வரை 105 பாகையில் உலர்த்தி, பேரியம் சல்பேற்றாக நிறுத்துக் கண்ட சல்பேற்று அயன், நூற்றுக்கு 38.4. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் பின்னேரம் வந்தார். உறையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்து, இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். நான் சொல்லி வைத்திருந்ததுதான். இருந்தாலும் பார்க்கும்போது தோள் இரண்டும் இறங்கின. வாங்குகிறவர்கள் இதை எடுக்கமாட்டார்கள், வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. இலக்கம் என்னுடையதில்லையே.

அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் நின்று திரும்பினார்.

"மக போய் எறங்கிட்டாங்களா மிஸ்?"

"ஓம் ஐயா" என்றேன். "இப்பதான் மெசேஜ் வந்தது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.